வேலு விட்ட பூஜ்யம்

மயிலாப்பூரில் அதிகம் பேர் படித்த எழுத்தாளர் யார் என்று கேட்டால் நான் தயங்காமல் வேலு என்பேன். கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தையல் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே, எட்டடி அகலத்தில் 'தமிழ்நிலா ஜெராக்ஸ்' வைத்திருக்கிறாரே, அவர்தான். எழுதியது ஒரே ஒரு படைப்பு. தலைப்பு 'சூரியக் குடும்பம்'. மொத்தம் நாலு பக்கம், ஒரு படம், ஒரு அட்டவணை. 2008லிருந்து இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் அறிவியல் புராஜெக்ட் என்ற பெயரில் அதைத்தான் வாங்கிப் போய், ஓரத்தில் ஜிகினா ஒட்டி, தாங்களே ராத்திரி பகலாய் உழைத்துச் செய்ததாகச் சொல்லிக் கொடுத்து மார்க் வாங்குகிறார்கள்.

அந்த வரிசையில் என் பையன் சுஹாஸும் உண்டு. 2011ல் ஏழாம் வகுப்பு. நானேதான் போய் பிரிண்ட் எடுத்து வந்தேன். ஆகவே இந்தக் கதையில் யோக்கியன் போல நான் பேசினால் நீங்கள் நம்ப வேண்டாம்.

வேலு பிறந்தது அடையாற்றங்கரைக் குடிசையில். பத்தாம் வகுப்பில் அறிவியலில் முப்பத்தொன்று எடுத்து, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தி.நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தார். அங்கேயே தமிழ் டைப்பிங்கும் பக்கம் அமைப்பதும் கற்றுக்கொண்டு, பிறகு இந்தக் கடையைப் போட்டார். நடுவில் ஆற்றங்கரை வீடுகளை எடுத்து எல்லாரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு போன திசைக்கு வேலு போனார், கடை மட்டும் நகரவில்லை. தினம் காலையில் அவரும் மனைவி ரத்னாவும் மகள் தமிழ்நிலாவும் பஸ் பிடித்து வருகிறார்கள். மகள் சாந்தோமில் ஒரு பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். மணி அடித்ததும் நேரே கடைக்கு வந்து, பேப்பர் கட்டுகளின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

தன் படைப்பின் மேல் வேலுவுக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. இன்டர்நெட்டிலிருந்து இறக்கின படத்தில் புளூட்டோ இருந்தது. அது கிரகமில்லை, குறுங்கோள் என்று 2006லேயே முடிவாகிவிட்டதால், அதன் மேல் ஒரு வெள்ளைக் கட்டம் போட்டு, 'பெயர், வகுப்பு' என்று எழுதிவிட்டார். பதினேழு வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் பெயரைப் புளூட்டோவின் தலையில்தான் எழுதி வருகிறார்கள். சனிக்கு நிலா கூடிக்கொண்டே போகிற விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அறுபத்திரண்டு, எண்பத்திரண்டு, நூற்று நாற்பத்தாறு, இப்போது இருநூற்று எழுபத்து நாலு என்று பேப்பரில் செய்தி வந்த அன்றே மாற்றிவிடுவார். சந்திரயான்-3 நிலவின் தென் துருவத்துக்கு அருகே இறங்கிய அன்று சாயங்காலம், நான் ரேஷன் கார்டு நகல் எடுக்கப் போனால், "ஒரு நிமிஷம் இரு சார், இஸ்ரோ வேலை கீது" என்று சொல்லிவிட்டு, நாலாம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டுத்தான் என் கார்டைத் தொட்டார்.

இப்படி இருந்தவருக்கு இந்த ஜூலையில் சோதனை வந்தது. சோதனையின் பெயர் ஸஹானா. தமிழ்நிலாவின் பள்ளிக்குப் புதிதாக வந்த அறிவியல் டீச்சர்.

டீச்சர் புராஜெக்ட் கொடுத்தார். நாற்பது பேரில் இருபத்தொன்பது பேர் வேலுவின் நாலு பக்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். மற்ற டீச்சர்கள் படத்தைப் பார்த்து டிக் போடுவார்கள். இந்த டீச்சர் அட்டவணையைப் படித்திருக்கிறார்! சூரியனிலிருந்து நெப்டியூன் நாற்பத்தைந்து கோடி கிலோமீட்டர் என்று இருபத்தொன்பது தாளிலும் இருந்ததைப் பார்த்துவிட்டு, "இது எந்தப் புத்தகத்துல இருந்து எடுத்தீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

தமிழ்நிலா எழுந்து நின்றாளாம். "எங்கப்பா போட்டது மிஸ். அவரு தப்பா போட மாட்டாரு."

பின் பெஞ்சு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "அப்படியா? நல்லது. திங்கட்கிழமை அளந்து காட்டு. சரியா இருந்தா நான் ஒத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நான் கடையில்தான் இருந்தேன். பெண் வந்தாள், பையைக் கீழே வைக்கவில்லை. அப்பாவை நேராகப் பார்த்து, "நெப்டியூனைத் தப்பா போட்டியாப்பா?" என்று கேட்டாள். கேட்ட குரலில் 'இல்லை என்று சொல்லேன்' என்ற கெஞ்சல் இருந்தது. அது எனக்கே கேட்டது, பெற்றவருக்குக் கேட்காமல் இருக்குமா?

வேலுவுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. "யாரு சொன்னது தப்புன்னு? பதினேழு வருஷம்! எத்தினி இஸ்கூலு, எத்தினி டீச்சரு! ஒருத்தர் வாயத் தொறக்கல. நேத்து வந்த அம்மா சொல்லிட்டா தப்பா?"

"ஏன்யா கத்தறே? கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போறது" என்றேன் நான்.

"தேட மாட்டேன் சார். ஸ்கிரீன்ல எவன் இன்னா போட்டாலும் அப்படியே நம்பிடறதா? டீச்சரம்மா அளக்கச் சொல்லிக்கீறாங்க. அளந்தே காட்றேன். ஞாயித்துக்கெழமை கடை லீவு. நீயும் வா சார், சாட்சிக்கு."

எதை வைத்து அளப்பது என்று நான் கேட்கவே இல்லை. ஜெராக்ஸ்காரருக்கு உலகத்தில் ஒரே அளவுதான் உண்டு. சூரியனிலிருந்து பூமி பதினைந்து கோடி கிலோமீட்டர். அது ஒரு ஏ-ஃபோர் தாளின் நீளம். அவ்வளவுதான், மற்ற எல்லாவற்றையும் பதினைந்தால் வகுத்தால் எத்தனை தாள் என்று வந்துவிடும். விண்வெளிக்காரர்களும் பூமியின் தூரத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறார்கள். அது வேலுவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு அவரைப் பிடித்திருக்க முடியாது.

ஞாயிறு காலை சந்து காலியாக இருந்தது. கடை வாசற்படியில் வேலு மார்க்கரால் ஒரு பொட்டு வைத்தார். அதுதான் சூரியன். தமிழ்நிலா பழைய அட்டவணையைப் பார்த்துப் படிக்க, ரத்னா கால்குலேட்டரில் வகுத்துச் சொல்ல, வேலு குனிந்து தாளை வரிசையாக வைத்துக்கொண்டு போனார். கடல் காற்றுக்குத் தாள் பறக்காமல் இருக்க ஸ்டேப்ளர், பஞ்சிங் மிஷின், பசை டப்பா, என் செருப்பு எல்லாம் மேலே ஏறின. கிரகம் வருகிற இடத்தில் ஒரு பேனா மூடி.

"புதன், அஞ்சு புள்ளி எட்டு."

"பாதித் தாள்கூட இல்ல" என்றாள் ரத்னா.

வெள்ளி முக்கால் தாளுக்குக் கொஞ்சம் முன்னால். பூமி சரியாக ஒரு தாள். செவ்வாய் ஒன்றரை. இதுவரைக்கும் வேலு உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி மூடிகளை வைத்துவிட்டார். வியாழனுக்கு எழுந்து போக வேண்டியிருந்தது. ஐந்து தாளைத் தாண்டி அது வந்தது. சனி ஒன்பதரை. யுரேனஸ் பத்தொன்பதுக்குப் போய், மாவு மில்லைத் தாண்டி நின்றது.

"எம்மாந்தூரம் போவுது பாரு" என்று வேலு இடுப்பில் கை வைத்துப் பெருமையோடு நிமிர்ந்தார். ஏதோ அவரே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த மாதிரி. "கடைசி கிரகம் இன்னும் தள்ளிப் போவும். படி கண்ணு."

"நெப்டியூன், நாப்பத்தஞ்சு."

ரத்னா வகுத்தாள். இன்னொரு தரம் வகுத்தாள். "மூணு" என்றாள்.

"இன்னா மூணு?"

"மூணு தாள்தான்யா." ரத்னா நடந்து போய், செவ்வாயின் மூடிக்கும் வியாழனின் மூடிக்கும் நடுவே கடைசி மூடியை வைத்தாள். "கடைசி வூட்டுக்காரன் இங்க வந்து இன்னாத்துக்குக் குந்திக்கினு கீறான்?"

படத்தில் எட்டாவதாக, ஓரத்தில், நீல நிறத்தில் அழகாக நிற்கிற நெப்டியூன், எண்ணை நம்பினால் ஐந்தாவது. பதினேழு வருஷமாக அந்தப் படமும் அந்த எண்ணும் ஒரே பக்கத்தில் நாலு விரற்கடை தள்ளி இருந்திருக்கின்றன. பார்த்த அத்தனை பேரும் படித்தவர்கள். நான் உட்பட.

வேலு கடைக்குள் போய் கம்ப்யூட்டரைப் போட்டார். 2008ல் செய்த முதல் ஃபைலைத் தோண்டி எடுத்தார். அதற்கும் முன்னால் நோட்டில் கையால் எழுதி வைத்த குறிப்பு ஒன்று மேசை டிராயரின் அடியில் இருந்தது. அதில் தெளிவாக 450 என்றே இருந்தது. அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தின் குறுக்கே எட்டு கிரகத்துக்கும் எட்டுக் கட்டம். பெயர்களை நட்டமாகத் திருப்பி எப்படியோ அடக்கியும், கடைசிக் கட்டத்துக்கு அகலம் போதவில்லை. 45 மேலேயும் 0 கீழேயுமாக உடைந்து விழுந்தது. தனியாகத் தொங்குகிற அந்த 0 ஏதோ குப்பை என்று நினைத்து, அசிங்கமாக இருக்கிறதே என்று அழித்துவிட்டார்.

"அழகா இருக்கணும்னு பண்ணேன் சார்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த மனிதரை எத்தனையோ நாள் கிண்டல் பண்ணியிருக்கிறேன், அன்றைக்கு நாக்கு எழவில்லை. "வருஷத்துக்கு முன்னூறு பசங்கன்னு வெச்சாக்கூட அஞ்சாயிரம் பேரு சார். அஞ்சாயிரம் பேரு மண்டைல நான் தப்ப ஏத்திக்கீறேன்."

அஞ்சாயிரம் பேரில் ஒருத்தன்கூட அதைப் படித்திருக்க மாட்டான் என்று ஆறுதல் சொல்ல வாய் வரை வந்தது. அது ஆறுதல் இல்லை என்பதால் விட்டுவிட்டேன். அதைவிடக் கேவலமாக இன்னொன்று சொன்னேன். "இதோ பாரு, சத்தம் போடாம ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துடு. யாருக்குத் தெரியப் போறது?"

வேலு மௌஸில் கையை வைத்தார். அப்போதுதான் வாசலில் நின்றுகொண்டிருந்த தமிழ்நிலா கேட்டாள். "அப்போ நாளைக்கு நான் இன்னாப்பா சொல்றது?"

கை மௌஸிலிருந்து இறங்கிவிட்டது. 'தப்பா போட மாட்டாரு' என்று நாற்பது பேர் முன்னால் சொன்னவள் அவள். சத்தம் போடாமல் சரிசெய்தால் வேலு தப்பித்துவிடுவார், அவள் மட்டும் பொய் சொன்னவளாக நிற்பாள்.

"நீ ஒண்ணியும் சொல்லாத. நான் வர்றேன்" என்றார்.

அன்று மதியம் வரைக்கும் உட்கார்ந்து முப்பது தாளை நீளவாக்கில் டேப் போட்டு ஒட்டினார்கள். கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர். அதைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டார்கள். கூடவே புது அட்டவணை ஒன்று தயாரானது, இந்த முறை கட்டங்களுக்குத் தாராளமாக இடம் விட்டு, மேலிருந்து கீழாக.

கிரகம் | சூரியனிலிருந்து தூரம் (கோடி கி.மீ.) | எத்தனை தாள்
புதன் | 5.8 | 0.4
வெள்ளி | 10.8 | 0.7
பூமி | 15 | 1
செவ்வாய் | 22.8 | 1.5
வியாழன் | 77.8 | 5.2
சனி | 143 | 9.5
யுரேனஸ் | 287 | 19
நெப்டியூன் | 450 | 30

திங்கட்கிழமை காலை அவர் எனக்குப் போன் பண்ணினார். "சார், நீ ஒண்ணும் பேச வேணாம். சும்மா கூட நில்லு." பத்தாம் வகுப்போடு விட்டுவந்த இடத்துக்குள் மறுபடி நுழையப் போகிறவருக்குத் துணை வேண்டியிருந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் அவரைப் பார்த்தபோது பரீட்சை எழுதப் போகிறவர் போலத்தான் இருந்தார்.

ஸஹானா டீச்சர் எங்களைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துபோனார். சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். வேலு கும்பிட்டார். "மேடம், நான் தமிழ்நிலா அப்பா. தப்பு என்துதான். அளந்து பாத்துட்டேன். பசங்க முன்னாடி சொல்லிட்டுப் போறேன், ரெண்டு நிமிஷம்."

வராந்தாவில் பிள்ளைகள் இரண்டு பக்கமும் நிற்க, சுருள் விரிந்தது. தமிழ்நிலா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனை ஆறாம் வகுப்பு வாசல் வரை போனது. வேலு நெப்டியூன் இருக்கும் கடைசிப் புள்ளியில் நின்றுகொண்டு, "இவரு இருக்க வேண்டிய எடம் இது. நான் இவரைக் கொண்டாந்து அங்க வெச்சுட்டேன்" என்று மூன்றாம் தாளைக் காட்டினார். பூஜ்யத்தை அழித்த கதையையும் சொன்னார். பின் பெஞ்சு சிரித்தது. இந்த முறை அவரும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு இரண்டு நிமிஷம் இருபது நிமிஷமாகிவிட்டது. மைக் கிடைத்தவர் மாதிரி வேலு விடவில்லை. இந்த அளவில் சூரியன் கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, மூணு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி என்றார். வியாழன் பேனா முனை தொட்ட புள்ளி. சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து, மிஷினில் போடுகிற கறுப்பு டோனர் தூளைக் காட்டினார். "இதுல ரெண்டு மூணு துகளை ஒட்ட வெச்சா எவ்ளோ அகலமோ, அதான் பூமி. நாம எல்லாரும் அதுலதான் கீறோம். இஸ்கூலு, பீச்சு, என் கடை எல்லாம்."

"சந்திரயான் எவ்ளோ தூரம் போச்சு அங்கிள்?" என்று ஒருவன் கேட்டான்.

வேலு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கரும்பலகை இல்லாமலே கணக்குப் போட்டார். நிலா மூன்று லட்சத்து எண்பத்து நாலாயிரம் கிலோமீட்டர். இந்தத் தாளில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, முக்கால்தான். "அவ்ளோதானா!" என்று பையன் முகம் வாடியது. மனிதன் அனுப்பியதில் மிகத் தொலைவு போனது வாயேஜர்-1, 1977ல் கிளம்பி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அது நூற்று அறுபத்தேழு தாள் தூரம் போயிருக்கிறது என்று டீச்சர் அவனைத் தேற்றினார். பள்ளி வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிருக்கும். பையனுக்குக் கொஞ்சம் திருப்தி.

"சூரியனுக்கு அடுத்து கிட்டக்க இருக்கற நட்சத்திரம்?" இது தமிழ்நிலாவே கேட்டது. அப்பாவும் மகளும் முன்னமே பேசி வைத்துக்கொண்டார்கள் என்று இப்போதும் சந்தேகப்படுகிறேன்.

"பிராக்ஸிமா சென்டாரி" என்றார் வேலு, நாக்கு ஒருமுறைகூடத் தடுக்காமல். "வெளிச்சமே அங்கிருந்து வர நாலே கால் வருஷம் ஆவும். ரெண்டு லட்சத்து அறுபத்தேழாயிரம் தாள். ஐந்நூத்தி முப்பத்தி நாலு கட்டு. இங்கேந்து வரிசையா வெச்சுக்கினே போனா மதுராந்தகம் வரும்." சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "என் கடைல ஒரு வருஷத்துக்கு அவ்ளோ பேப்பர் ஓடுது. நெப்டியூனைத்தான் கோட்ட வுட்டேனே தவிர, நட்சத்திரத்துக்கு வருஷா வருஷம் போய்க்கினுதான் கீறேன்."

டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் கையிலிருந்த வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு வகுப்பைப் பார்த்தார். "சரி, வெள்ளிக்கிழமை கேட்டதையே மறுபடி கேக்கறேன். அந்த அட்டவணை யார் போட்டது?"

தமிழ்நிலா சுருளின் முனையைப் பிடித்தபடியே நிமிர்ந்து நின்றாள். "எங்கப்பா போட்டது மிஸ். தப்பா போட்டாரு. அவரே அளந்து கண்டுபுடிச்சாரு."

வெள்ளிக்கிழமை எப்படிச் சொன்னாளோ அதே குரல்தான். துளி குறையவில்லை. வேலு சுருளைச் சுருட்டுகிற சாக்கில் தரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் சுருட்டினார். எனக்கும் கண்ணில் ஏதோ டோனர் தூள் விழுந்துவிட்டது.

இப்போது கடை வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. '2008 முதல் 2025 வரை இங்கே சூரியக் குடும்பம் பிரிண்ட் எடுத்தவர்கள் நெப்டியூனுக்கு ஒரு பூஜ்யம் சேர்த்துக்கொள்ளவும். நேரில் வந்தால் சேர்த்துத் தரப்படும்.' படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் நான் பரணில் ஏறி, முதுகைப் பிடித்துக்கொண்டு, சுஹாஸின் பழைய புராஜெக்டைத் தேடி எடுத்தேன். ஜிகினா உதிர்ந்திருந்தது. புளூட்டோவின் தலையில் என் பையன் பெயர். அட்டவணைக்குப் பக்கத்திலேயே சிவப்பு மையில் 'மிக நன்று'. மகன் சியாட்டிலில் இருக்கிறான். அவனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினால், 'இன்னுமா வெச்சிருக்கே?' என்று பதில் வந்தது.

கடைக்குக் கொண்டுபோனேன். வேலு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, அந்தக் குறுகின கட்டத்துக்குள் ஒரு பூஜ்யத்தை நுழைத்தார். திருப்பிக் கொடுக்கப் போனவரின் கையிலிருந்து தமிழ்நிலா தாளை வாங்கிக்கொண்டு கால்குலேட்டரை எடுத்தாள். நானூற்று ஐம்பதைப் பதினைந்தால் வகுத்தாள்.

"முப்பது. சரியா கீது" என்றாள். "இப்பக் குடுப்பா."